கிளி சொன்ன ‘கட்டு’

மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு தையல்காரர் கதை எழுதினேன். முதலில் அதில் கிளிதான் வாத்தியார். தையல்காரருடைய ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் ‘ஷர்ட்’ என்பதை ‘ஷர்ட்டு’ ‘ஷர்ட்டு’ என்றே பேசினார்கள்.

சரி என்று கிளியின் வேலையை மாற்றினேன். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். தையல்காரர் துணியைக் காட்டி, வெட்டு என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘கட்’டை “கட்டு” என்று சொல்லிப் பழகுகிறார். மறுநாள் கிளி “கட்டு, கட்டு” என்று கத்த, எடுபிடிப் பையன் வெட்ட வேண்டிய துணியைக் கயிற்றால் கட்டி வைத்துவிடுகிறான்! வல்லின மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நாம் ஒட்டும் ‘உ’வைத்தான் கிளி காட்டிக்கொடுத்தது.

அப்புறம் தையல்காரர் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கிறார். ‘கட்’ என்று நாக்கு மேலே தொட்டதும் அதிர்வு நிற்க வேண்டும். பிறகும் அதிர்ந்தால் ‘உ’ வந்துவிட்டது. பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். ‘பேக்’ என்ற பைக்கு மட்டும் இது சரிவரவில்லை, அதன் கடைசி ஒலியே அதிரும். அதற்குக் காதைத்தான் நம்பினோம்.

ஒரு பையன் மட்டும் இன்னும் ‘கட்டு’தான். வேண்டுமென்றே என்று நினைக்கிறேன்.