கடற்பாசித் தெப்பத்தை வைத்து ‘வரிசைப்படுத்துக’, ‘பொருத்துக’ கேள்விகள் எழுதுவது எப்படி?

ஒளிச்சேர்க்கையானாலும் மீன் ஏற்றுமதியானாலும், படிப்படியாக நடக்கும் பாடத்திற்கு இந்த இரண்டு கேள்வி வகைகளும் நன்றாகப் பொருந்தும். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கடற்பாசி வளர்ப்பையே எடுத்துச் செய்து பார்ப்போம்.

முதலில் நடப்பதை எழுதுங்கள்

மூங்கிலால் 12 அடிக்கு 12 அடியில் ஒரு தெப்பம் கட்டுவார்கள். வளர்ந்த பாசியைச் சிறு துண்டுகளாக ஒடித்துக் கயிற்றில் முடிவார்கள். கயிறுகளைத் தெப்பத்தில் கட்டி, கடலில் நங்கூரமிடுவார்கள். சுமார் 45 நாளில் அறுவடை. ஒரு பங்கை அடுத்த சுற்றுக்கு விதையாக எடுத்துக்கொண்டு, மீதியைக் காயவைத்து விற்பார்கள். ஆலையில் அதிலிருந்து உணவைக் கெட்டியாக்க உதவும் கேரஜீனன் எடுக்கிறார்கள்.

வரிசைப்படுத்துக: இடம் மாற்றிப் பாருங்கள்

இதில் வருவதையெல்லாம் கேள்வியில் போட்டுவிடக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு படிகளை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் வேலை நடக்கும் என்றால் அந்த ஜோடியை அப்படியே கேட்க முடியாது.

தெப்பம் கட்டுவதும் பாசி ஒடிப்பதும் எது முதலில் நடந்தாலும் சரிதான். அதனால் தெப்பம் கட்டுவதை விட்டுவிடலாம். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருவதையும் ஏடிபி உருவாவதையும் வரிசைப்படுத்தச் சொன்னாலும் இதே சிக்கல்தான். இரண்டும் ஒளிவினையில் கூடவே நடப்பவை.

அடுத்து, கயிற்றில் முடிவதையும் நங்கூரமிடுவதையும் மாற்றிப் பாருங்கள். தெப்பத்தைத் தண்ணீரில் நிறுத்திவிட்டுக் கயிறு கட்டவும் வழி உண்டே என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி. அதைக் கேள்வியின் தலைப்பு வரியிலேயே தீர்த்துவிட வேண்டும். கூடவே, இது சுற்றாக ஓடும் வேலை என்பதால் தொடக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறுவடையில் தொடங்கி எழுதியவரையும் தவறு என்று சொல்ல முடியாது.

*விதைக்கான பாசியை எடுப்பதில் தொடங்கி, கரையிலேயே பாசி கட்டும் முறையில் நடப்பவற்றை வரிசைப்படுத்துக:*

அ. அறுவடை செய்தல்
ஆ. துண்டுகளாக ஒடித்தல்
இ. விற்பனைக்குக் காயவைத்தல்
ஈ. கயிற்றில் முடிதல்
உ. கடலில் நங்கூரமிடுதல்

விடை: ஆ, ஈ, உ, அ, இ.

வாசகங்களில் துப்பு விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘45 நாள் கழித்து அறுவடை’, ‘ஒடித்த துண்டுகளை முடிதல்’ என்று எழுதினால் பாடம் படிக்காதவரும் ஊகித்துவிடுவார். ஐந்து, ஆறு படிகள் போதும்.

பொருத்துக: ஒரே ஒரு உறவு

இடப்பக்கத்தில் ஒரு ஆள், ஒரு கருவி, ஓர் எண் என்று கலந்து வைத்தால், எண்ணுக்கு எண்ணைத் தேடிப் போட்டுவிடலாம். எல்லா வரியிலும் ஒரே உறவு இருக்கட்டும். இங்கே ‘செயல் – அதன் காரணம்’ என்று வைத்துக்கொள்வோம்.

1. தெப்பத்தின் அடியில் வலை கட்டுதல்
2. நங்கூரமிடுதல்
3. தார்ப்பாயில் விரித்துக் காயவைத்தல்
4. அறுவடையில் ஒரு பங்கை ஒதுக்குதல்

அ. மணல் ஒட்டாமல் இருக்க
ஆ. பாசியின் உப்பு நீங்க
இ. அடுத்த சுற்றுக்கு விதை கிடைக்க
ஈ. மீன் மேயாமல் இருக்க
உ. தெப்பம் கடலடிக்கு மூழ்காமல் இருக்க
ஊ. தெப்பம் இடம் மாறாமல் இருக்க

விடை: 1-ஈ, 2-ஊ, 3-அ, 4-இ.

வலப்பக்கம் இரண்டு விடைகள் கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கை சமமாக இருந்தால் மூன்று தெரிந்தவருக்கு நான்காவது சும்மா கிடைத்துவிடும். ஆனால் கூடுதல் விடை நம்பும்படி இருக்க வேண்டும். ‘பாசிக்குப் பசி எடுக்காமல் இருக்க’ என்று எழுதினால் யாரும் தொட மாட்டார்கள்.

ஒவ்வொரு விடையையும் எல்லாச் செயல்களோடும் ஒட்டிப் பார்ப்பதுதான் இதில் முக்கியமான வேலை. ‘ஊ’வை ‘அலையில் அடித்துப் போகாமல் இருக்க’ என்று எழுதியிருந்தால் நங்கூரத்துக்கும் பொருந்தும், வலைக்கும் பொருந்தும். உதிர்ந்த துண்டுகளை வலையும் தடுக்கிறதே! அதனால்தான் ‘தெப்பம்’ என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறோம். தெப்பம் போடும் வீட்டார் யாராவது ஒருவரிடம் கேள்வியைக் காட்டினால் இந்த மாதிரி ஓட்டைகள் உடனே தெரிந்துவிடும்.

மதிப்பெண்

நெல் விதையைப் போலப் பாசியையும் முதலில் காயவைப்பார்கள் என்று நினைத்த ஒரு பிள்ளை இ, ஆ, ஈ, உ, அ என்று எழுதுகிறது. இடத்துக்கு இடம் பார்த்தால் ஐந்தும் தவறு, மதிப்பெண் பூஜ்யம். ஆனால் ஆ–ஈ, ஈ–உ, உ–அ ஆகிய மூன்று தொடர்ச்சிகளும் சரியாகவே இருக்கின்றன. ஆகவே அடுத்தடுத்த ஜோடிக்கு ஒன்று வீதம் நான்கு மதிப்பெண் வைத்துத் திருத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு மூன்று கிடைக்கும், எந்த இடத்தில் குழம்பியது என்பதும் உங்களுக்குத் தெரியும்.