குழாய் மாட்ட அவசரம் வேண்டாம்

குளியலறையில் டைல்ஸ் ஒட்டி முடித்ததுமே "குழாயையும் மாட்டிடலாமா சார்?" என்று பிளம்பர் கேட்பார். வேண்டாம். தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர் போல, சுவருக்குள் போகும் வால்வுகளை மட்டும்தான் டைல்ஸுக்கு முன்பே பதிக்க வேண்டும்; அவற்றின் பிளாஸ்டிக் மூடியைக் கடைசிவரை கழற்ற விடாதீர்கள். மற்ற பைப் முனைகளுக்கு டம்மி பிளக் போதும். கழிவுநீர் பைப்பின் வாயையும் மூடி போட்டு அடையுங்கள், கொத்தனார் சட்டி கழுவும் சிமெண்ட் தண்ணீர் அதற்குள்தான் போகும்.

பெரிய எதிரி ஆசிட். டைல்ஸில் படிந்த சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். மேலே படக்கூட வேண்டாம், மூடிய அறையில் அதன் புகை பட்டாலே குழாயின் குரோம் பூச்சு மங்கிப் புள்ளி விழும். அப்புறம் எந்தப் பாலிஷும் அதை மீட்காது. ஆகவே ஆசிட் கழுவல், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிந்து அறையை நல்ல தண்ணீரில் அலசிய பிறகு முதலில் கிளாசெட், வாஷ்பேசின், கடைசியாகக் குழாய்.

மாட்டும் முன் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் ஒரு வாளி தண்ணீரைத் திறந்துவிடுங்கள். உள்ளே தங்கிய மணலும் பைப் துருவலும் வந்துவிடும். இல்லையென்றால் அவை குழாய் நுனியிலுள்ள சல்லடையில் அடைத்து, புதுக் குழாயிலேயே தண்ணீர் நூலாக வரும்.

பெயிண்டர் டச்சப்புக்குத் திரும்ப வந்தால் குழாயில் பாலிதீன் சுற்றி, மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிரவுன் டேப் வேண்டாம், அதன் பசை லேசில் போகாது.