பழைய பதிப்புக்குத் திரும்புமுன்: விக்கிப் பக்கத்தை மீட்பதில் நடக்கும் தவறுகள்

விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் கெட்டுக் கிடப்பதைப் பார்த்தால் கை நேராக ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதற்குத்தான் போகும். நன்றாக இருந்த பதிப்பைத் தேடிப் பிடித்து, அதன் தேதியைச் சொடுக்கி, தொகுப்பைத் திறந்து அப்படியே சேமித்துவிடுவோம். பக்கம் பழையபடி ஆகிவிடும். நானும் முதல் சில மாதங்கள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இடையில் யாருடைய வேலை போனது என்று பார்த்ததே இல்லை.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு ஏரியைப் பற்றிய கட்டுரை. வரலாறு இப்படி இருக்கிறது. புதியது மேலே, பழையது கீழே.

```
09:40  இ  (+318)    சான்று சேர்த்தல்
09:14  ஆ  (−4,215)
09:10  ஆ  (0)
முந்தைய நாள்  அ  (+96)
```

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்ததும் 4,215 என்பதுதான் கண்ணில் படும். ‘ஆ’ ஒரு பகுதியையே தூக்கிவிட்டார், அதை மட்டும் திருப்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த எண் பக்கத்தின் அளவு எத்தனை பைட் கூடியது, குறைந்தது என்பதைத்தான் சொல்கிறது. 09:10-இல் அவர் 1962 என்பதை 1926 என்று மாற்றியிருக்கிறார். நான்கு இலக்கம் போய் நான்கு இலக்கம் வந்ததால் கணக்கு பூச்சியம். விஷமம் இதில்தான் அதிகம்: காணாமல் போன பகுதியை யாராவது கவனித்துவிடுவார்கள், தவறான ஆண்டு வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

தமிழில் இந்த எண் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு, மெய்ப்புள்ளியும் இகரத்தின் மேல்விலங்கும் தனித்தனிக் குறிகள் என்பதால், 15 பைட் ஆகும். ஆகவே −15 என்று பார்த்துப் பதற வேண்டாம், போனது ஒரே சொல்லாக இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு, இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

சரி, இப்போது எப்படித் திருப்புவது? முந்தைய நாள் பதிப்பைத் திறந்து சேமித்தால் ‘ஆ’ செய்த இரண்டும் போகும், கூடவே ‘இ’ தேடிப் பிடித்துச் சேர்த்த சான்றும் போகும். பழைய பதிப்பைத் தொகுக்கும்போது, அதற்குப் பின் நடந்த மாற்றங்கள் எல்லாம் அழியும் என்று மேலே ஒரு எச்சரிக்கை வரத்தான் செய்கிறது. அவசரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்?

இந்த இடத்தில் வேண்டியது அண்டூ. ஆங்கில இடைமுகத்தில் `undo` என்று இருக்கும். அது பக்கத்தை முழுதாகப் பின்னால் இழுக்காது. குறிப்பிட்ட மாற்றத்தை மட்டும் உருவி எடுக்கும். வரலாற்றில் முந்தைய நாள் ‘அ’வின் பதிப்பையும் 09:14 பதிப்பையும் தேர்ந்தெடுத்து ஒப்பிடுங்கள். அந்த வேறுபாட்டுப் பக்கத்திலேயே அண்டூ இருக்கும். அதைச் சொடுக்கினால் ‘ஆ’வின் இரண்டு தொகுப்புகளும் ஒன்றாகப் போகும், சான்று நிற்கும். சேமிக்குமுன் திரையில் காட்டும் ஒப்பீட்டில் ஆண்டு 1962 ஆகிவிட்டதா என்று ஒரு முறை பாருங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தையும் எழுதிவிடுங்கள்.

‘இ’ அதே வரியைத் தொட்டிருந்தால் இது நடக்காது. இடையில் வந்த மாற்றத்தோடு முரண்படுகிறது என்று மென்பொருள் மறுத்துவிடும். உடனே பலர் பழைய பதிப்பு வழிக்கே போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், இப்போதைய பக்கத்தைத் திறந்து ஆண்டைக் கையால் திருத்தி, நீக்கப்பட்ட பகுதியை மட்டும் பழைய பதிப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

சில நேரம் எந்தப் பதிப்பைத் திறந்தாலும் பக்கம் கோணலாகவே தெரியும். அப்போது தவறு அந்தப் பக்கத்தில் இல்லை, அது பயன்படுத்தும் வார்ப்புருவில், அதாவது பல பக்கங்களில் பொதுவாகச் செருகப்படும் தனிப் பக்கத்தில், இருக்கலாம். பழைய பதிப்பைக் காட்டும்போதும் விக்கி இன்றைய வார்ப்புருவைத்தான் போட்டுக் காட்டும். அந்த வார்ப்புருவின் வரலாற்றைப் போய்ப் பாருங்கள்.

மற்றொன்று, திருப்பிவிட்டால் கெட்ட பதிப்பு மறைந்துவிடுவதில்லை. மீட்பு என்பதும் மேலே சேரும் புதிய ஒரு பதிப்புதான். இதனால் நீங்கள் தவறாகத் திருப்பியிருந்தாலும் அதையும் திருப்பலாம், அது நல்லது. ஆனால் யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணைப் பக்கத்தில் போட்டிருந்தால், அண்டூ செய்த பிறகும் வரலாற்றில் அது எவருக்கும் தெரியும்படி கிடக்கும். அந்தப் பதிப்பை மறைக்கும் அனுமதி நிருவாகிகளிடம் இருக்கிறது. அவர்களிடம் கேட்கும்போது பேச்சுப் பக்கத்தில் எழுதாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பேச்சுப் பக்கத்தில் எழுதினால் அந்த எண் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும்.