வியர்க்குருவும் இரண்டு பவுடர்களும்

சென்னை மே மாதப் புழுக்கத்தில் முதுகெல்லாம் வியர்க்குரு. வியர்வை வழிய வழியவே வியர்க்குருப் பவுடரைக் கொட்டினேன். மெந்தாலின் ஜில்லிப்பு பத்து நிமிடம். அப்புறம் அதே அரிப்பு. அதிலிருந்த டால்க் ஒரு கல்மாவு. வழுக்கிக்கொடுத்து உராய்வைக் குறைக்குமே தவிர, ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. சரி என்று சோளமாவுப் பவுடருக்கு மாறினேன். அது உறிஞ்சியது, ஆனால் மதியத்துக்குள் அக்குளில் பசையாகத் திரண்டு, உருண்டை உருண்டையாக வந்தது.

கோளாறு பவுடரில் இல்லை, வரிசையில். இப்போது பச்சைத் தண்ணீரில் குளித்து, துண்டால் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகே, உள்ளங்கையில் கொஞ்சம் சோளமாவுப் பவுடர் எடுத்து முதுகில் மட்டும் மெலிதாகத் தடவுகிறேன். மடிப்புகளில் போடுவதில்லை. மாலையில் கழுவிவிடுவேன். நாலைந்து நாளில் அடங்கியது.