பாதியில் நின்ற நாவலும் எட்டு வாள் அட்டையும்

நாவல் பதினோராம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. கணவன் வீட்டை விட்டு நாயகி கிளம்ப வேண்டிய இடம். எழுதுவேன், அழிப்பேன், மறுபடி அதே சமையலறைக்கே வந்து நிற்பாள்.

வழி கிடைக்குமா என்று, படம் பார்த்துக் குறி சொல்லும் டாரட் அட்டைகளில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தேன்: இப்போதைய நிலை, தடை, அடுத்த அடி. கூட வந்த கையேட்டில் அர்த்தம் பார்த்தால் எல்லாமே பொதுப்படையாக இருந்தது. பிடிக்காத அட்டை வந்ததும் திரும்பக் கலைத்து எடுத்ததில் குழப்பம்தான் கூடியது.

அப்புறம் கையேட்டை மூடிவிட்டு, தடைக்கு ஒரே ஒரு அட்டை எடுத்தேன். அதன் படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும், விளக்கம் எதுவும் சேர்க்காமல், பத்து நிமிடம் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். வந்தது எட்டு வாள். 1909-ல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம்: கண்ணையும் உடம்பையும் கட்டிய ஒரு பெண், சுற்றி வாள்கள். முதலில் கட்டுதான் தெரியும். எழுத எழுதத்தான் கவனித்தேன், கால்கள் கட்டப்படவில்லை, முன்பக்கம் வாளே இல்லை.

என் நாயகியையும் யாரும் பிடித்து வைக்கவில்லை. அவள் போவதற்குக் கணவன் சம்மதிக்கும் காட்சி ஒன்று வேண்டும் என்று நான்தான் காத்திருந்தேன். அந்தக் காட்சியை விட்டுவிட்டு, அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதிலிருந்து ஆரம்பித்தேன். அத்தியாயம் நகர்ந்தது, பெரிய நிம்மதி.

அட்டைக்குக் கதை தெரியாது, நம் கண் எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது காட்டும். அதனால் ஒரு தடைக்கு ஒரு அட்டை, மறுபடி கலைக்கக் கூடாது.