அட்டையில் 01/26

போர்ட் லூயியில் அம்மா காலையில் முருகன் பாட்டு கேட்கும் செயலிக்கு நான்தான் பணம் கட்டுகிறேன். பிப்ரவரி 3 அன்று கட்டணம் போகவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது மின்னஞ்சலுக்கு அப்புறம்தான் அட்டையை எடுத்துப் பார்த்தேன்: 01/26. ஜனவரி 31-ஓடு முடிந்துவிட்டது.

பாட்டு ஓடியது சலுகைக் காலத்தில். அந்தச் சில நாட்களில் பழைய அட்டையிலேயே திரும்பத் திரும்பப் பணம் எடுக்கப் பார்ப்பார்கள். அதுவும் தாண்டினால் பிரீமியம் நின்றுவிடும்.

வங்கி அனுப்பிய புது அட்டை இழுப்பறையில்தான் கிடந்தது. எண் அதேதான், தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும் வேறு. சந்தாவை ரத்து செய்யாமல், கட்டண முறையில் அவற்றை மட்டும் மாற்றி, ஓடிபி போட்டேன். உடனே பணம் போனது. அடுத்த கட்டணம் மார்ச் 3 என்றே காட்டியது. சலுகை நாட்கள் இலவசம் இல்லையாம்!