நாற்பது நிமிட உரையைப் பத்து நிமிடமாகச் சுருக்குவது எப்படி?

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலைப் பற்றி 30 ஸ்லைடுகளும் நாற்பது நிமிட உரையும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குன்னூர்ப் பள்ளி ஒன்றில் பேசக் கூப்பிடுகிறார்கள். கிடைப்பது பத்தே நிமிடம். புதிதாகப் பேசுபவர்கள் ஒவ்வொரு ஸ்லைடிலும் இரண்டு வரி குறைத்துவிட்டு வேகமாகப் பேசிப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் முப்பது விஷயமும் அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். முழு ஸ்லைடுகளையே எடுக்க வேண்டும்.

முதலில் உரையை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பார்த்துக் குறியுங்கள். மனசுக்குள் படித்தால் கணக்கு தப்பும்.

அடுத்து, கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை எழுதுங்கள். நம் உரைக்கு அது இப்படி: “கல்லாறிலிருந்து குன்னூர் வரை, நடுவில் பதித்த பல் தண்டவாளத்தை எஞ்சினின் பல்சக்கரம் பற்றிக்கொள்வதால் ரயில் ஏறுகிறது.”

இனி ஒவ்வொரு ஸ்லைடையும் எடுத்துவிட்டு, அந்த வாக்கியம் புரிகிறதா என்று பாருங்கள். 16 சுரங்கங்கள், 208 வளைவுகள் என்ற படம் அழகானதுதான், ஆனால் அது இல்லாமலும் வாக்கியம் புரிகிறது. 2005-இல் யுனெஸ்கோ தந்த அங்கீகாரமும் அப்படியே. குன்னூர் வரை 1899-இல் ரயில் வந்ததை மட்டும் வரைபட ஸ்லைடில் ஒரு வரியாகச் சொல்லிவிடலாம்.

மிஞ்சுவது ஏழு: வரைபடம் 80 விநாடி, 12 அடிக்கு ஓரடி ஏறும் சரிவு 90, வழுக்கும் சக்கரம் 110, பல் தண்டவாளம் 120, இரட்டைப் பற்கள் 100, பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின் 80, குன்னூரில் பல் தண்டவாளம் முடிவது 60. மொத்தம் 640 விநாடி, அதாவது 10 நிமிடம் 40 விநாடி. இன்னும் ஒன்று போக வேண்டும். வழுக்கும் சக்கரத்தை எடுத்துவிட்டு, “இந்தச் சரிவில் வெறும் சக்கரம் வழுக்கும்” என்பதைச் சரிவு ஸ்லைடில் சேர்த்தால் 15 விநாடிதான் கூடும். இப்போது 545 விநாடி. மீதமுள்ள 55 விநாடியை நிரப்பாதீர்கள். மைக் சரிசெய்யவும் பிள்ளைகள் சிரித்து அடங்கவும் அது வேண்டும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது அடுத்த வேலையில்தான். எடுத்துவிட்ட ஸ்லைடை நம்பி நிற்கும் வரிகள் மீதியில் ஒளிந்திருக்கும். எஞ்சின் ஸ்லைடில் “முன்பு பார்த்த அந்த இரண்டு சிலிண்டர்கள்” என்று வருகிறது. அவற்றை விளக்கிய ஸ்லைடோ போய்விட்டது. “எஞ்சினின் நான்கு சிலிண்டர்களில் இரண்டு, பல்சக்கரத்தைச் சுழற்றுபவை” என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். இவற்றைக் கண்டுபிடிக்க, உரையைக் கேட்டிராத ஒருவரிடம் ஏழு... இல்லை, மிஞ்சிய ஆறு ஸ்லைடுகளை மட்டும் பேசிக் காட்டுங்கள். அவர் “எது?” என்று கேட்கும் இடமெல்லாம் இப்படி அறுந்த இடம்தான்.

எடுத்த ஸ்லைடுகளை அழிக்காதீர்கள். பவர்பாயின்ட்டில் Hide Slide, கூகுள் ஸ்லைட்ஸில் Skip slide கொடுத்தால் போதும். பவர்பாயின்ட்டில் எண்கள் மாறுவதில்லை. “இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கும்?” என்று ஒரு மாணவி கேட்டால், பிரேக் ஸ்லைடின் எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் அது திரையில் வந்துவிடும்.